கோவாவுக்கு ஐந்து பேர்: இரவு, காலை, பொதுப் பணம்

என் அண்ணன் மகள் பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிறாள். அவளும் நான்கு நண்பர்களும் டிசம்பர் முதல் பாதியில் கோவா போவதாக முடிவு செய்தார்கள். மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள், எல்லோரும் இருபத்து நான்கிலிருந்து இருபத்தேழு வயதுக்குள். வியாழன் இரவு பெங்களூரில் பேருந்து ஏறி வெள்ளி காலை கோவாவில் இறங்குவது, திங்கள் இரவு பேருந்தில் திரும்புவது. நடுவில் மூன்று இரவுகள். திட்டத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். “சித்தப்பா, டீ குடிச்சிக்கிட்டே பாருங்க, எங்கேயாவது இடிக்குதான்னு சொல்லுங்க” என்றாள்.

தாளில் மூன்று இரவுக்கும் கிளப் என்று எழுதியிருந்தது. சனிக்கிழமை காலை தூத்சாகர் அருவி, ஞாயிறு காலை பாராசெய்லிங், திங்கள் காலை கிராண்ட் தீவில் ஸ்கூபா டைவிங். தலைக்கு ஒரே தொகை, எல்லாம் சமபங்கு. இளைஞர்கள் போடும் கோவா திட்டங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். இதில் இரண்டு இடங்கள் இடித்தன. இரவும் காலையும் ஒரே உடம்பில்தான் நடக்கின்றன என்பதைத் தாள் கணக்கில் எடுக்கவில்லை. ஐந்து பேரின் சட்டைப்பையும் ஒரே அளவு என்று தாள் நினைத்துக்கொண்டிருந்தது. இரண்டையும் சரிசெய்தால் பயணம் தானாக அமைந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காலையை முதலில் குறியுங்கள்

பொதுவாக இரவுகளை முதலில் திட்டமிட்டு, மிச்சமிருக்கும் பகலில் சாகசங்களைச் செருகுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். இரவைத் தள்ளிப்போடலாம், இடத்தை மாற்றலாம், ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு அறைக்குத் திரும்பலாம். கடல் அப்படி வளைந்து கொடுக்காது. டைவிங் படகு காலையில் கிளம்பும், முன்பணம் கட்டியிருக்கும், தெளிவான தலையோடு போயே ஆகவேண்டும்.

தெளிவான தலைக்கு எத்தனை மணி நேரம் வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஆல்கஹால் ஏழரை சதவீதம் என்று வைத்தால், ஒரு பாட்டிலில் ஏறக்குறைய 38 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. சராசரி உடம்பு மணிக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் அதைக் கரைக்கும். காபி குடித்தாலும் குளித்தாலும் மோர் குடித்தாலும் இந்த வேகம் கூடாது. ஒருவர் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி மூன்று பாட்டில் குடித்தால் சுமார் 115 கிராம். அது முழுவதும் கரைய பதினொன்றரை மணி நேரத்திலிருந்து பதினாறரை மணி நேரம் வரை ஆகும். அதாவது மறுநாள் காலை எட்டரையிலிருந்து மதியம் ஒன்றரை வரை. ஆனால் படகில் ஏறவேண்டியது எட்டு மணிக்கு.

இந்தக் கணக்கு கடலோடு முடிவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக வைத்திருக்கிறது. முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். அறுபத்தைந்து கிலோ எடையுள்ள ஓர் ஆண் ஒரே ஒரு ஸ்ட்ராங் பீரை வேகமாகக் குடித்தாலே அந்த வரம்பை இரண்டு மடங்குக்கு மேல் தாண்டிவிடுவார். பெண்களுக்கு அளவு இன்னும் ஏறும். ராத்திரி குடித்துவிட்டு வண்டியைத் தொடாமல் டாக்சியில் அறைக்கு வந்த பொறுப்பான பிள்ளை, காலை எட்டு மணிக்கு “தூங்கி எழுந்தாச்சே” என்று ஸ்கூட்டரை எடுத்தால் அப்போதும் சட்டப்படி போதையில் ஓட்டுகிறவனாக இருக்கலாம். விபத்து நடந்தால் காப்பீடும் கைவிடலாம்.

ஆகவே இவர்களுக்கு நான் சொன்ன விதி எளிது. சாகசம் இருக்கும் காலைக்கு முந்தைய இரவு, சாப்பாட்டோடு பத்து மணிக்கு முடியும் இரவு. பெரிய இரவுக்கு மறுநாள் காலை, மதியம் வரை யாரும் சாவியைத் தொடாத காலை. மூன்று இரவு பயணத்தில் இதை வைத்துப் பார்த்தால் பெரிய இரவு ஒன்று, பெரிய காலை ஒன்று என்பதுதான் நிம்மதியாகப் பொருந்துகிறது. மூன்று சாகசங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ஐவரும் வாக்களித்ததில் ஸ்கூபா ஜெயித்தது.

ஸ்கூபா ஏன் சனிக்கிழமைக்கு நகர்ந்தது

தாளில் ஸ்கூபா திங்கள் காலை இருந்தது. ஞாயிறு இரவு கிளப், திங்கள் காலை கடல், திங்கள் இரவு பேருந்து. மூன்றும் சேர்ந்து வரவே கூடாதவை.

தண்ணீருக்கு அடியில் அழுத்தம் கூடும். பத்து மீட்டர் ஆழத்தில் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்திலும் தசைகளிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்ல மூச்சு வழியே வெளியேற வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைவான உயரத்துக்குப் போனால், கரைந்திருந்தது குமிழிகளாகப் பிரியும் வாய்ப்பு உண்டு. மூட்டு வலியிலிருந்து நரம்புப் பாதிப்பு வரை கொண்டுவிடும் நோய் அது. அதனால்தான் டைவிங் முடித்தவர்கள் உடனே விமானம் ஏறக்கூடாது என்கிறார்கள். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற பாதுகாப்பு அமைப்பின் பரிந்துரை, ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது.

“நாங்க பஸ்ல தானே போறோம்” என்றாள். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தப் பரிந்துரை 600 மீட்டரிலிருந்து 2,400 மீட்டர் வரையிலான உயரத்தைக் கருத்தில் கொண்டது. விமானமோ பேருந்தோ, உடம்புக்குத் தெரிவது காற்றழுத்தம் ஒன்றுதான். திங்கள் மதியம் கடலிலிருந்து ஏறி, மாலை பேருந்தில் உட்கார்ந்து, இரவோடு இரவாக மேற்குத் தொடர்ச்சி மலை ஏறினால் 12 மணி நேரம் தேறாது. முதல் முறை இறங்குகிறவர்களுக்கான டைவ் ஆழம் குறைந்தது, நேரமும் குறைந்தது, ஆகவே ஆபத்தும் குறைவுதான். ஆனாலும் நாளை மாற்றினால் தீர்ந்துவிடும் ஒன்றைச் சுமந்துகொண்டு மலை ஏறுவானேன்.

குடிக்கும் டைவிங்குக்கும் உள்ள பகையும் இங்கேதான். ஆல்கஹால் உடம்பின் நீரை வற்றவைக்கிறது, நீர் வற்றிய உடம்பில் குமிழி நோய்க்கு இடம் அதிகம். அதைவிடக் கண்முன்னே நடப்பது வாந்தி. ஆடும் படகும் டீசல் வாடையும் முந்தைய இரவும் சேர்ந்தால், கட்டிய பணத்தைப் படகின் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டபடி கழிக்க வேண்டியதுதான். இன்னொன்று மூக்கு. கீழே இறங்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி, காதின் அழுத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் அது நடக்காது, காது வலி தாங்காது. புகையும் ஏசி குளிரும் நிறைந்த கிளப்பில் விடிய விடிய நின்றவருக்குக் காலையில் மூக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலைக்கு மாற்றினோம். வெள்ளி காலை பேருந்திலிருந்து இறங்கியதும் எப்படியும் எல்லோரும் களைத்திருப்பார்கள். அறையில் குளித்துவிட்டு, மாலை ஸ்கூட்டரில் சப்போரா கோட்டைக்குப் போய் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு, கடற்கரைக் குடிலில் சாப்பிட்டுப் படுத்துவிடலாம். சனி காலை கடல். சனி இரவு கிளப். ஞாயிறு மதியம் வரை தூக்கம், மாலை நடை, அமைதியான சாப்பாடு. திங்கள் பகலில் ஸ்கூட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேருந்து. டைவிங்குக்கும் மலை ஏற்றத்துக்கும் நடுவில் இரண்டு முழு நாட்கள் கிடைத்துவிட்டன.

கடல் கொந்தளித்தால் சனிக்கிழமை படகு ரத்தாகும். அப்போது என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவையுங்கள். இவர்கள் எடுத்த முடிவு: சனிக்கிழமை காலை ரத்தானால் டைவிங் ஞாயிறு காலைக்கும், கிளப் ஞாயிறு இரவுக்கும் போகும். சனி இரவு பத்து மணிக்குப் படுக்கை. இதை அங்கே போய்ப் பேசினால் சண்டைதான் வரும், ஏனென்றால் சனிக்கிழமை மாலை யாருக்கும் படுக்கப் பிடிக்காது.

பதிவு செய்யும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். தண்ணீருக்கு அடியில் எத்தனை நிமிடம், எத்தனை மீட்டர் வரை, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், அவரிடம் பாடி அல்லது எஸ்எஸ்ஐ சான்றிதழ் இருக்கிறதா, படகு எந்தத் துறையிலிருந்து கிளம்புகிறது என்று கேளுங்கள். மலிவான பேக்கேஜ்களில் முக்கால்வாசி நேரம் படகுப் பயணமும் மதிய உணவும்தான், தண்ணீருக்குள் இருப்பது சில நிமிடங்களே. நல்ல இடத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. இறங்குவதற்கு முன் உடல்நலப் படிவம் கொடுப்பார்கள், ஆஸ்துமா, இதயக் கோளாறு, சமீபத்திய அறுவை சிகிச்சை பற்றிக் கேட்பார்கள். அதையெல்லாம் கேட்காமல் பணம் வாங்கும் படகில் ஏறாதீர்கள். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: தண்ணீருக்குள் எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்கி வைக்காதீர்கள். அடக்கிய மூச்சோடு மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் காயப்படுத்தும்.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். கிராண்ட் தீவின் தண்ணீர் அந்தமான்போலத் தெளிந்த நீலம் கிடையாது. சில மீட்டர் தூரம் மட்டுமே தெரியும் நாட்கள் நிறைய. அதற்காகவே சிலர் கோவாவிலிருந்து தெற்கே இறங்கி, கர்நாடகத்தின் முருதேஸ்வரத்திலிருந்து நேத்ராணி தீவுக்குப் போகிறார்கள். காலமும் முக்கியம். டைவிங் அக்டோபரிலிருந்து மே வரைதான். மழைக்காலத்தில் போகிறவர்கள் கடலை மறந்துவிட்டு, மாதேயி ஆற்றில் நடக்கும் ராஃப்டிங்கை எடுத்துக்கொள்ளலாம், அது அந்தப் பருவத்தில்தான் நடக்கிறது.

ஒரே ஒரு பெரிய இரவு

இரவு ஒன்றுதான் என்றால் அதை நன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோவாவின் இரவு பல இடங்களில் பல மாதிரி இருக்கிறது. பாகாவில் கூட்டமும் வெளிச்சமும் அதிகம். அஞ்சுனா, வாகத்தூரில் மின்னிசையை விரும்புகிறவர்கள் கூடுவார்கள். சனிக்கிழமைகளில் ஆர்போராவில் இரவுச் சந்தை உண்டு, இசையும் சாப்பாடும் கடைகளுமாக, குடிக்காதவர்களும் மகிழ்ந்து கழிக்கும் இடம். நம் ஐவரில் ஒருவர் குடிப்பதில்லை. ஆகவே சனிக்கிழமை இரவைச் சந்தையில் தொடங்கி, பிறகு கிளப் என்று வைத்தோம்.

ஒரு சட்டம் கோவாவின் இரவை வடிவமைத்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, திறந்த வெளியில் இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. அதனால் கடற்கரையோர இசை மாலையிலேயே உச்சம் தொடுகிறது, பத்து மணிக்கு மேல் ஆட்டம் மூடிய அரங்குகளுக்குள் போகிறது. தெற்கு கோவாவின் பாலோலெம் பகுதியில் எல்லோரும் தலையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஆடும் விருந்துகள் பிறந்ததும் இந்த விதியால்தான். இதை அறிந்திருந்தால் திட்டம் மாறும். திறந்த வெளி இடத்துக்குப் பதினோரு மணிக்குப் போய் நுழைவுக் கட்டணம் கட்டுவது வீண். ஏழு மணிக்கே போய்விடுங்கள்.

நுழைவுக் கட்டணம் என்றதும் அடுத்த விஷயம் வருகிறது. பல கிளப்புகளில் பெண்களுக்கு இலவசம், ஆணும் பெண்ணுமாகப் போனால் ஒரு கட்டணம், தனி ஆணுக்கு அதைவிட அதிகம் அல்லது அனுமதியே இல்லை. இதை ஸ்டாக் என்ட்ரி என்பார்கள். மூன்று ஆண்கள், இரண்டு பெண்கள் உள்ள குழுவில் ஒருவன் தனியாக நிற்பான். அந்தக் கூடுதல் கட்டணத்தை அவன் தலையில் கட்டக்கூடாது. குழு அங்கே போக முடிவெடுத்ததால்தான் அந்தச் செலவு, ஆகவே உள்ளே போகும் ஐவரும் பகிர வேண்டும். கட்டும் தொகையில் எவ்வளவு உள்ளே உணவுக்கும் பானத்துக்கும் கழித்துக்கொள்ளப்படும் என்பதையும் வாசலிலேயே கேளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் முதலில் செய்ய வேண்டியது வெளியேறும் வழி எங்கே என்று பார்ப்பது. 2025 டிசம்பர் 6 இரவு ஆர்போராவில் ஓர் இரவு விடுதியில் பற்றிய தீயில் 25 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்தவர்கள். தீயணைப்பு வண்டிகள் அருகில் போக முடியாத குறுகிய வழி. வந்த வழியைத் தவிர இன்னொரு வழி இல்லாத இடம், கீழ்த்தளத்தில் இருக்கும் அரங்கு, உள்ளரங்கில் வாணவேடிக்கை காட்டும் இடம் என்றால் கட்டிய பணத்தை நினைக்காமல் திரும்பிவிடுங்கள்.

திரும்பி வருவதற்கான வண்டியைப் போகும்போதே முடிவு செய்யுங்கள். பெங்களூரில் பழகிய ஓலாவும் ஊபரும் கோவாவில் கிடையாது. கோவாமைல்ஸ் என்ற செயலி இருக்கிறது, விடுதிக்காரர் வழியாக டாக்சி பேசலாம், நள்ளிரவில் எதுவும் மலிவாகக் கிடைக்காது. இதனால்தான் அறையைக் கிளப்புகளுக்கு நடந்தோ சிறு தூரத்திலோ இருக்கும் இடத்தில் எடுக்கச் சொன்னேன். ஓர் இரவுக்கு ஐந்நூறு ரூபாய் கூடினாலும் டாக்சியில் அது மிச்சமாகும், போதையில் ஸ்கூட்டர் எடுக்கும் ஆசையும் எழாது. ஒவ்வொரு இரவும் ஒருவர் குடிக்காமல் இருப்பது நல்லது, அறைச் சாவியும் கொஞ்சம் ரொக்கமும் அவரிடம் இருக்கட்டும். குழுவில் குடிக்காதவர் இருக்கிறாரே என்று அந்தப் பொறுப்பை எப்போதும் அவர்மேல் சுமத்தாதீர்கள், அவரும் விடுமுறைக்குத்தான் வந்திருக்கிறார். முறை வைத்துக்கொள்ளுங்கள். யாராவது முன்னதாகக் கிளம்பினால் துணைக்கு இன்னொருவர் கிளம்ப வேண்டும்.

பாட்டிலை வாங்கிக்கொண்டு கடற்கரையில் உட்கார்ந்தால் செலவு குறையும் என்று எண்ணாதீர்கள். சுற்றுலா இடங்களில் திறந்த வெளியில் குடிப்பதைத் தடுக்க கோவா 2019-இல் சட்டத்தைத் திருத்தியது. அப்போது தனி ஆளுக்கு 2,000 ரூபாய், கூட்டமாகச் செய்தால் 10,000 ரூபாய் என்று அபராதம் வைக்கப்பட்டது. குடித்தவர்கள் இருட்டில் கடலில் இறங்குவது அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த நேரத்தில் கரையில் பார்க்க ஆள் இருக்கமாட்டார்கள்.

சிறிய பையிலிருந்து தொடங்குங்கள்

இப்போது பணம். தலைக்கு இவ்வளவு என்று தாளில் இருந்த தொகை எப்படி வந்தது என்று கேட்டேன். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டாராம், மற்றவர்கள் கட்டைவிரல் காட்டினார்களாம். ஐவரில் இரண்டு பேர் மென்பொருள் வேலையில், ஒருவர் வங்கியில், ஒருவர் மருத்துவமனையில் நர்ஸ், ஒருவர் உதவித்தொகையில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறார். குழுவின் முன்னால் “எனக்குக் கட்டுப்படி ஆகாது” என்று சொல்ல ஆராய்ச்சி மாணவருக்கு வாய் வராது. ஆமாம் என்று சொல்லிவிட்டு, கடைசி வாரத்தில் “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை” என்று நின்றுவிடுவார், அறைப் பணம் மற்றவர்கள் தலையில் விழும்.

அதனால் ஒருவரை ஒருங்கிணைப்பாளராக வைத்து, ஒவ்வொருவரும் தன்னால் முடிந்த அதிகபட்சத் தொகையை அவருக்கு மட்டும் தனியாக அனுப்பச் சொன்னேன். மிகக் குறைந்த தொகை 14,000 வந்தது. யாருடையது என்று சொல்லத் தேவையில்லை, தொகை மட்டும் போதும். பொதுச் செலவு முழுவதும் இந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும், அடங்கிய பிறகும் அவர் கையில் கடலுக்கும் ஓர் இரவுக்கும் மிஞ்ச வேண்டும்.

பொதுச் செலவு என்பது யாரும் தவிர்க்க முடியாதது. அவர்கள் போட்ட மதிப்பீடு இது. பேருந்து போய்வர ஆளுக்கு 3,000. இரண்டு அறைகள் மூன்று இரவுக்கு 13,500, அதாவது ஆளுக்கு 2,700. மூன்று ஸ்கூட்டர்களும் பெட்ரோலும் 4,800, ஆளுக்கு 960. இரவு டாக்சிக்கு 3,000, ஆளுக்கு 600. பொதுச் சாப்பாடு நான்கு நாளுக்கு ஆளுக்கு 2,000. கூட்டினால் 9,260. எதிர்பாராத செலவுக்கு 500 சேர்த்தால் 9,760. பதினாலாயிரத்தில் மிச்சம் 4,240. டைவிங்குக்கு 2,500 ஒதுக்கினால் பெரிய இரவுக்கு 1,740 இருக்கும். மூன்று இரவும் கிளப் என்ற பழைய திட்டம் இந்த இடத்தில் தானாகவே விழுந்துவிடுகிறது. உடம்புக் கணக்கும் பணக் கணக்கும் ஒரே விடைக்கு வந்தன. விலைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், கிறிஸ்துமஸ் வாரத்தில் அறை வாடகை பல மடங்கு ஏறும். ஆனால் கணக்கு போடும் முறை மாறாது.

விருப்பச் செலவு என்பது டைவிங், மது, கிளப் போன்றவை. யார் கலந்துகொள்கிறாரோ அவர் மட்டும் கொடுப்பது. சண்டை அதிகம் வருவது சாப்பாட்டு மேசையில்தான். ஒருவர் மீன் சோறும் எலுமிச்சைச் சாறும் எடுத்திருப்பார், இன்னொருவர் நான்கு காக்டெயில். ரசீதை ஐந்தால் வகுத்தால் முதலாமவர் சிரித்துக்கொண்டே கொடுப்பார், மனதுக்குள் சிரிக்கமாட்டார். உட்காரும்போதே உணவுக்கு ஒரு பில், மதுவுக்கு ஒரு பில் என்று சொல்லிவிடுங்கள். மது ஜிஎஸ்டிக்குள் வராததால் கடைக்காரருக்கும் அதைப் பிரித்துப் போடுவது பழக்கமான வேலை. உணவை ஐந்தால் வகுக்கலாம், மதுவைக் குடித்தவர்கள் வகுத்துக்கொள்ளட்டும்.

அடுத்து, யார் எப்போது கொடுப்பது. வழக்கமாக ஆளுக்கொரு செலவைக் கையில் எடுத்து, ஊர் திரும்பிய பிறகு கணக்குப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று போட்டுக் காட்டினேன். வங்கிக்காரர் பேருந்துக்கு 15,000 கட்டுகிறார், நர்ஸ் அறைக்கு 13,500, என் அண்ணன் மகள் சாப்பாட்டுக்கு 10,000, இன்னொரு மென்பொருள்காரர் ஸ்கூட்டருக்கு 4,800, ஆராய்ச்சி மாணவர் டாக்சிக்கு 3,000. மொத்தம் 46,300, ஐந்தால் வகுத்தால் தலைக்கு 9,260. வங்கிக்காரருக்கு 5,740 வரவேண்டும், நர்ஸுக்கு 4,240, அண்ணன் மகளுக்கு 740. மென்பொருள்காரர் 4,460 தரவேண்டும், ஆராய்ச்சி மாணவர் 6,260 தரவேண்டும். மாணவர் வங்கிக்காரருக்கு 5,740-உம் நர்ஸுக்கு 520-உம், மென்பொருள்காரர் நர்ஸுக்கு 3,720-உம் அண்ணன் மகளுக்கு 740-உம் அனுப்பினால் தீர்ந்தது. ஐந்து பேர் கணக்கு எவ்வளவு சிக்கலாக இருந்தாலும் நான்கு பரிமாற்றங்களுக்கு மேல் தேவைப்படாது. ஸ்பிளிட்வைஸ் போன்ற செயலிகள் செய்வதும் இந்தக் கழித்தலைத்தான்.

கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். எல்லோரிலும் குறைவாகச் சம்பாதிக்கிறவர், பயணம் முடிந்து கையில் இருந்ததெல்லாம் செலவான பிறகு, ஆறாயிரத்துக்கு மேல் கடன்பட்டு நிற்கிறார். நட்பு கசக்கும் இடம் இது. ஆகவே பேருந்தையும் அறையையும் பதிவு செய்யும் அன்றே அவரவர் பங்கை யுபிஐயில் அனுப்பிவிடுங்கள். மற்றப் பொதுச் செலவுக்கான தொகையைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒருவர் கணக்கில் சேர்த்துவிடுங்கள். இவர்கள் விஷயத்தில் முதல் தவணை 5,700, இரண்டாவது 4,060. அங்கே பொதுச் செலவு எல்லாம் அந்தக் கணக்கிலிருந்தே போகும், மிஞ்சினால் திரும்ப வரும். திங்கள் இரவு பேருந்து ஏறும்போது யாரும் யாருக்கும் பொதுக் கணக்கில் பாக்கி இருக்கக்கூடாது.

எதிர்பாராத செலவுக்கு ஐவரும் சேர்ந்து வைத்த 2,500 ரூபாய் எதற்கு என்றும் எழுதிவையுங்கள். பெரும்பாலும் அது ஸ்கூட்டருக்குத்தான் போகும். வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குக் கொடுப்பது சட்டப்படி செல்லாது, போலீஸ் மறித்தால் மாட்டுவது ஓட்டுகிறவர்தான். வண்டியை எடுக்கும் முன் நான்கு பக்கமும் கீறல் தெரிய வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் முன்னாலேயே எடுங்கள். உரிமத்தின் நகலைக் கொடுங்கள், அசலை விட்டுவிட்டு வராதீர்கள். புதிய கீறலுக்கு ஆயிரம் ரூபாய் வரை பொதுப் பணத்திலிருந்து, அதற்கு மேல் ஓட்டியவர் என்று இவர்கள் முடிவு செய்தார்கள். உங்கள் குழுவின் முடிவு வேறாக இருக்கலாம். கீறல் விழுவதற்கு முன்பே எடுத்த முடிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நண்பர்களோடு எங்கே போவதாக இருந்தாலும், அறையைத் தேடும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். எந்தக் காலை உங்களுக்கு முக்கியமோ அதை நாட்காட்டியில் குறியுங்கள். அதற்கு முந்தைய இரவைக் காலியாக விடுங்கள். குழுவில் மிகச் சிறிய தொகை எது என்று தனித்தனியாகக் கேட்டு, பொதுச் செலவை அதற்குள் அடக்குங்கள். இந்த மூன்றையும் முடிக்காமல் யாரும் முன்பணம் கட்டாதீர்கள்.